பாதிச் சாம்பல் இருவாச்சி

கன்னியாகுமரியிலிருந்து மலையோரமாகவே வடக்கே போகும் நீண்ட பயணம். படம் எடுப்பது தங்கை. படங்களைப் பத்திரப்படுத்துவது நான். இருந்தவை இரண்டே மெமரி கார்டுகள். அதனால் தினமும் இருட்டியதும் அவற்றில் இருப்பதை இரண்டு ஹார்டு டிஸ்குகளில் ஏற்றி, கார்டுகளைக் காலி செய்தால்தான் மறுநாள் படம்.

புளியறை போகும் சாலையோர ஆலமரத்தில் அன்று இருவாச்சிப் பறவை கிடைத்தது. பழத்தை மேலே தூக்கிப்போட்டு, அலகை விரித்துப் பிடித்தது. அந்த நொடி அவள் கேமராவில் விழுந்தது. குற்றாலம் வரும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

லாட்ஜில் முதல் டிஸ்கில் ஏற்றும்போது கரண்டு போனது. எங்கள் பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது, அதுவும் அணைந்தது. கரண்டு வந்ததும், ஏற்கெனவே ஏறியதை விட்டுவிட்டு மீதியை ஏற்றினோம். கார்டிலிருந்து மறுபடி ஏற்ற நேரமாகும் என்று, இரண்டாவது டிஸ்குக்கு முதல் டிஸ்கிலிருந்தே நகல் எடுத்தோம். எண்ணிக்கை சரி, அளவும் சரி.

"அண்ணே, காலையில மெயின் அருவிக்குப் போவணும். கார்ட அழிச்சிருதேன்," என்று கார்டைக் கேமராவில் சொருகினாள்.

"பொறுட்டி. நாலஞ்சு படத்தத் திறந்து பாத்துட்டு அழி."

முதலில் இருவாச்சியைத்தான் திறந்தேன். அலகும் பழமும் தெரிந்தன; அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கரண்டு போன நொடியில் ஏறிக்கொண்டிருந்த படம் அதுதான். கோப்பின் அளவு மட்டும் முழுதாக இருந்ததால், மீதியை ஏற்றும்போது லேப்டாப் அதைத் தொடாமல் விட்டிருக்கிறது. இரண்டாவது டிஸ்கிலும் அதே சாம்பல்.

"நெட்டுல ஏத்துனமே?" என்றாள். போனைப் பார்த்தேன். சாயங்காலம் கேமராவிலிருந்து போன் வழியாக நேரே நெட்டுக்கு அனுப்பிய படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் விரல் கேமராவில் அழிக்கும் பொத்தானின் மேலேயே இருந்தது. மெல்ல எடுத்தாள். கார்டைக் கழற்றி, முட்டையைப் பிடிப்பதுபோல என்னிடம் நீட்டினாள். லேப்டாப்பில் சொருகித் திறந்தேன்.

முழு இருவாச்சி. வால் நுனி வரைக்கும்.

"இருக்குலே, இருக்கு," என்று என் தோளில் ஓங்கி அடித்தாள். அண்ணன் என்பதுகூட மறந்துபோயிற்று அவளுக்கு.

அன்றைய படங்களை இரண்டு டிஸ்கிலும் அழித்துவிட்டு, கார்டிலிருந்தே தனித்தனியாக ஏற்றினோம். இருவாச்சியை இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டு காலியானது.

விடிகாலையில் அருவிக்கு முன்னால் நின்றபோது சாரல் முகத்தில் அடித்தது. தண்ணீர் பாறையை மறைத்துக் கொட்டியது. "கார்டு நெறயுத வரைக்கும் எடுக்கப் போறேன்," என்று கத்திக்கொண்டே அவள் முன்னால் ஓடினாள்.