சேனலுக்கு நான் வைத்த இரண்டு பெயர்கள்

எங்கள் ராஜபாளையத்தில் கிறிஸ்தவ வீட்டார் எதற்குப் பெயர் வைத்தாலும் அது கடவுளுக்கு நன்றி சொல்கிற பெயராகத்தான் இருக்கும். வீட்டு முகப்பு, ஆட்டோ கண்ணாடி, மாவு மில் போர்டு, எங்கே பார்த்தாலும் கிருபை, எபெனேசர், யெகோவாயீரே. உள்ளே என்ன நடக்கிறது என்று போர்டைப் பார்த்தால் தெரியாது. தெருவுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! அந்தப் பழக்கத்தில், யூடியூபில் சேனல் தொடங்கியபோது என் கடைப் பெயரையே வைத்தேன்: கிருபை தையலகம். சேனலைப் பற்றி எழுதச் சொன்ன இடத்தில், 'எல்லாம் அவர் கிருபை. உங்கள் ஆதரவு தேவை' என்று எழுதினேன். வட்டப் படத்துக்கு ஒரு சிலுவை, அதன் கீழே தையல் மெஷின்.

சேனல் எதற்கு என்றால், மதுரையில் எனக்கு இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா ஒருத்தி, "ஒரு பக்கத்து வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்குட்டி" என்றாள். எனக்கு மனுசர் பேச்சு என்றால் உயிர். அந்த வாக்கியத்தை இன்றுவரை மனதில் வைத்திருக்கிறேன். புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, பிளவுஸின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தேன். அதற்குள் வைக்க, பேண்டேஜ் கம்பெனியில் வாங்கிய, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் சின்னத் தலையணை மாதிரி ஒன்று. வெறும் பஞ்சு வைத்தால் பிளவுஸ் அந்தப் பக்கம் மேலே ஏறும். அடியில் கொஞ்சம் கேழ்வரகு வைத்தால் எடை நிற்கும். துவைக்கும்போது உருவிக்கொள்ளலாம். இப்படி ஒன்றைக் கடையில் வாங்கத் தெரியாமலும் வசதி இல்லாமலும் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் வீடியோ போட்டேன்.

அவர்கள் ஒருத்தரும் வரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர், "எங்கள் மகனுக்காக ஜெபியுங்கள் சிஸ்டர்" என்று எழுதினார்கள். மீதிப் பேர், "ஆரி ஒர்க் கிளாஸ் உண்டா?" என்றார்கள். நான் உண்மையிலேயே ஜெபித்தேன். அதைத் தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பத்தோடு, சேனல் நடத்துகிறவர்களுக்குப் படமும் பெயரும் அமைத்துத் தருகிறவர். அவரிடம் போனேன். அவர் என் வீடியோ எதையும் பார்க்கவில்லை. சேனல் பக்கத்தைத் தன் போனில் திறந்து, எதிர்த்த டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த பெரியவரிடம் ஒரு விநாடி நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது என்ன சேனல்?"

"ஏலே, நல்லாக் காட்டேன். ஜெபக் கூட்டத்துக்காரவிய போடுறதுதானே?"

கடைக்காரம்மாவிடம் நீட்டினார். "சட்ட தைக்கப் படிச்சுக் குடுப்பாவளோ? எம்புட்டு வாங்குதாவ?"

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்தார். "பாத்தீகளாக்கா? அவிய மேல தப்பு இல்ல. முன்ன பின்ன தெரியாதவுக இம்புட்டு நேரந்தான் பாப்பாக. தேடும்போது வருத பட்டியல்ல உங்க பேரும், வட்டப் படமும், அறிமுகத்துல மொத வரியுந்தான் கண்ணுல படும். அதுல மூணு விசயம் இருக்கணும். யாருக்கு, என்னது, நீங்க ஏன். ஆதரவு தாங்கங்கிறத எடுத்துருங்க. உங்கள யாருன்னே தெரியாம எப்படி ஆதரிப்பாவ?"

"யாருக்குன்னு எழுதணும்னா அந்த வார்த்தைய எழுதணுமே தம்பி."

"அந்த வார்த்தையத்தானக்கா அவிய தேடுவாவ."

அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். முதலில் நான் 'விசேஷத் தேவை உள்ள பெண்களுக்கு' என்றேன். அவர் தலையை ஆட்டவே இல்லை. கடைசியில் பெயர்: 'மார்பக ஆபரேஷனுக்குப் பின் பிளவுஸ்'. அறிமுகம்: 'மார்பகம் எடுத்த பெண்களுக்கு, பை வைத்த பிளவுஸும் உள்ளே வைக்கும் பேடும் வீட்டிலேயே தைக்கும் முறை. நானும் அந்த ஆபரேஷன் ஆனவள், தையற்காரி.' வட்டத்துக்குள் சிலுவை போய், பை தெரிகிற மாதிரி உள்பக்கம் திருப்பிய பிளவுஸ் ஒன்று வந்தது. வீடியோத் தலைப்புகளையும் அதே மாதிரி மாற்றினார். போனை மறுபடியும் கடைக்காரம்மாவிடம் நீட்டினார். அந்தம்மா வாசித்துவிட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

அந்த வாரமே வந்துவிட்டார்கள். சேலத்துப் பக்கம் ஒருத்தி, இலங்கையில் ஒருத்தி. தேவதானத்திலிருந்து ஒருத்தி, இத்தனை கிட்டத்திலிருந்து, "அக்கா, எனக்கு வலது பக்கம். நீங்க இடது பக்கம் மட்டும் காட்டுறீங்க. அளவு எப்படி மாத்துறது?" என்று எழுதியிருந்தாள். அடுத்த வீடியோ உனக்குத்தான் என்று பதில் போட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பாடிக்கொண்டே மெஷினை மிதித்தது அன்றைக்குத்தான்.

அப்போது என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். சர்ச்சில் ஓலை வாசிக்க, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டானால் சொல்லலாம் என்று சபை முன் அறிவிக்க, நாள் குறித்திருந்தது. என் வியாதியை மாப்பிள்ளை வீட்டில் மறைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, நான் சொன்ன அன்று என் கையைப் பிடித்து அழுதவள். அவள்தான் போன் செய்தாள்.

"மதினி, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு மதினி. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எங்க நாத்தனார் போன்ல உங்க சேனல் வந்துருக்கு. பேரப் பாத்த ஒடனே வீடு பூராக் காட்டிட்டா. பொண்ணுக்கும் வருமான்னு ஆளாளுக்குக் கேக்காக. எனக்குத் தெரியும், எம் மகனுக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு மதினி? பழைய பேரு நல்லாத்தான இருந்துச்சு. ஓலை வாசிக்கிற வரைக்குமாவது."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சுகிறவளிடம் என்ன பேசுவது? என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "மாத்திரு" என்றார். மகள் மட்டும், "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அதனால்தான் மாற்றினேன்.

கிருபை தையலகம். எல்லாம் அவர் கிருபை. தலைப்புகளெல்லாம் 'ஸ்பெஷல் மாடல் பிளவுஸ்' ஆயின. மறுநாளே மனசு கேட்காமல் திருப்பப் பார்த்தேன். பெயரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, இரண்டு வாரம் கழித்துத்தான் இனி என்றது யூடியூப். அதற்குள் ஓலையும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வலது பக்க அளவு வீடியோவைப் போட்டேன். போட்டால் என்ன? தேவதானத்துப் பெண்ணிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. சேனலில் சேர்ந்திருந்தாளோ, தேடித் தேடித்தான் வந்துகொண்டிருந்தாளோ, தெரியாது. தேடுகிறவள் எந்த வார்த்தையைப் போடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை என் பக்கத்தில் எங்கும் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இனி மாற்றலாமே என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "நாத்தனாருக்கும் மாப்ள பாத்துக்கிட்டு இருக்காகம்மா. அதுவும் முடியட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கே ஒரு பெண் குழந்தை பிறக்கும். அதுவும் வளர்ந்து ஒரு நாள் கல்யாணத்துக்கு நிற்கும்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது சேனல் பக்கத்தைத் திறக்கிறேன். அறிமுகத்தை அழித்துவிட்டு, 'மார்பகம் எடுத்த பெண்களுக்கு' என்று தொடங்கி, 'நானும் அந்த ஆபரேஷன் ஆனவள்' வரை தட்டுகிறேன். ஒரு எழுத்தும் பிசகாமல் மனப்பாடமாக இருக்கிறது. பிறகு பின்னால் போகிற அம்புக்குறியை அழுத்துகிறேன். மாற்றங்களைக் கைவிடவா என்று கேட்கிறது. ஆமாம் என்கிறேன். நேற்று ஒரு புதுக் கருத்து வந்திருந்தது: "எங்கள் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் சிஸ்டர்."

ஜெபிக்கிறேன் என்று பதில் போட்டேன்.