பார்த்தவர் கையொப்பம்

செங்கம் சாலையில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் செயலாளர். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு கட்டியவன் சும்மா இருப்பானா? பதவிக்கு வந்த முதல் வாரமே ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு அட்டவணை ஒன்றைத் தயாரித்து லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கீழ்த்தொட்டியும் மொட்டைமாடித் தொட்டியும் கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தீயணைப்பு சிலிண்டர்களில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பது, வருடத்துக்கு ஒருமுறை ஆள் வரவழைத்து முழுச் சோதனை. லிஃப்ட் சர்வீஸ் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ‘பார்த்தவர்’ என்று ஒரு கட்டம். அதில் வாட்ச்மேன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

வாட்ச்மேன் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் மனைவியோடு குடியிருந்தார். தொட்டி கழுவும் நாளில் பிளீச்சிங் பவுடர் வாடை போகிறவரை அலசச் சொல்லி, தானே உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை அலட்டலா என்று நினைப்பேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் சொந்தக்காரர்களால் வீடுகள் நிரம்பிவிடும் என்பதால், தொட்டி கழுவும் தேதியைப் பௌர்ணமியில் படாமல் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருந்தேன். லிஃப்டுக்குப் பார்க்கவில்லை. லிஃப்டுக்கும் பௌர்ணமிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மாதம் இரண்டாம் சனி பௌர்ணமியில் வந்தது. வேலூரிலிருந்து கிளம்பிய மெக்கானிக், கிரிவலக் கூட்டத்தால் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், அடுத்த வாரம் வருகிறேன், எந்த நாள் என்று கேட்டு ஒரு போன் போடுங்கள் என்றான்.

மறுநாள் சங்கப் பொதுக்கூட்டம். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என் மானம் போய்விடும். வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

“ஆள் வராம எப்படிங்க சார் போடறது?”

“அடுத்த வாரம் வந்துடுவான். நான் சொல்றேன்ல, போடு.”

போட்டார். கூட்டத்தில் எல்லோரும் அட்டவணையைப் பாராட்டினார்கள். மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டியதை நான் மறந்தே போனேன். கட்டம் நிரம்பியிருந்தது. வேலை முடிந்ததாகவே என் மண்டையில் பதிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, நண்பகலில் மின்சாரம் போனது. மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற ஆசிரியை லிஃப்டுக்குள் இருந்தார். மின்சாரம் போனால் பக்கத்துத் தளத்துக்கு வந்து கதவைத் திறந்துவிட அதில் பேட்டரி உண்டு. பேட்டரி செத்திருந்தது. மாதாந்திர சர்வீஸில் முதலில் பார்ப்பதே அதைத்தான். அபாய மணியும் அடிக்கவில்லை. மெக்கானிக் வந்து திறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆசிரியை சர்க்கரை நோயாளி. மயங்கிக் கிடந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார்.

சென்னையிலிருந்து அவருடைய மகன் வந்து கூட்டம் கூட்டச் சொன்னான். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டோம். அவன் அட்டவணையைப் பிய்த்து வந்து, இது யார் கையெழுத்து என்று கேட்டான். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னால் அவர் வேலை தப்பும், என் பதவி போகும். அவ்வளவுதான் கணக்கு. நான் வாயைத் திறக்கத்தான் செய்தேன்.

“லிஃப்ட் ஆள் வந்ததை நீ பாத்தியா?”

“இல்லீங்க சார்.”

“அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்ட?”

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“தப்புதாங்க” என்றார்.

அன்றே கணவனும் மனைவியும் அறையைக் காலி செய்தார்கள். ஒரு ஆட்டோவை நிரப்பக்கூட அவர்களிடம் சாமான் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் நிம்மதியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ரமணாசிரமம் பகுதியில் விடுதி நடத்தும் ஒருவர் போனில் அழைத்தார். எங்கள் பழைய வாட்ச்மேன் தன்னிடம் வேலை கேட்டு வந்திருக்கிறாராம். பழைய இடத்தில் ஏன் வேலையை விட்டு நின்றீர்கள் என்று கேட்டதற்கு, அங்கே செயலாளர் சாரையே கேளுங்க, அவருக்குத் தெரியும் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷர் இன்னமும் என்னை நம்பியிருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை போதும், பிழைத்துக்கொள்வார். ஆனால் அங்கே சேர்ந்து, நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட்டால்?

“ஆள் நல்லவர்தாங்க. பாக்காததைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுடுவாரு, அது ஒண்ணுதான்” என்றேன்.

நல்லவேளை சொன்னீங்க என்று விடுதிக்காரர் எனக்கு நன்றி சொன்னார்.