பெருவிரலுக்கு மேலே இருந்த வரி

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட வேண்டும் என்பது என் குணம். பாதி கேட்டதுமே மீதியை நானே சொல்லிவிடுவேன். கந்தோரில் அதைக் கெட்டித்தனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து தனியே கடலுக்குப் போன ஒருவர் திரும்பவில்லை. எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டிருப்பார் என்றார்கள். அவருடைய மனைவிக்கு முப்பது வயதுகூட இராது. கப்பல்களோடு கதைக்கிற கந்தோர் என்று யாரோ சொல்லி எங்களிடம் வந்தாள். வந்த முதல் நாளே என்னை அண்ணை என்றாள். நானும் தங்கச்சி என்றேன். படகின் இலக்கத்தை அவள் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, எனக்குத் தெரிந்த கப்பல்காரர் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டுக் கடதாசி கொடுத்தேன்.

மூன்று மாதம் போனது. மாமியார் வீட்டில், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் காரியத்தைச் செய்துவிட வேண்டும் என்று நெருக்கினார்கள். ஆள் போனதற்கு அடையாளம் இல்லாமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: இருக்கிறாரா, இல்லையா.

அப்போதுதான் ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த கப்பல்காரர் ஒருவர், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஒரு பிலிம் சுருளைத் திரும்பி வந்த ஆளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். பக்கத்தில் கட்டியிருந்த யப்பான் மீன்பிடிக் கப்பலில் காவலுக்கு நின்றவனிடம் என் துண்டைக் காட்டியிருக்கிறார். அவன் புதிதாக ஏறிய வேறு நாட்டான். கப்டனின் குறிப்புக் கொப்பியைப் புரட்டி அதே இலக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். சுற்றியிருந்த எழுத்தை அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. இவர் ஒரு கையால் பக்கத்தை விரித்துப் பிடித்து, மறு கையால் படம் எடுத்திருக்கிறார். அன்று பின்னேரமே அந்தக் கப்பல் போய்விட்டது.

படத்தைக் கழுவிப் பெரிதாக்கித் தந்த ஸ்டூடியோக்காரர் சுத்தமான வேலைக்காரர். கல்யாணப் படமென்றால் ஓரத்தில் நிற்கிற அந்நியனின் முழங்கையைக்கூட வெட்டாமல் விடமாட்டார். எங்கள் படத்தையும் அப்படியே ஓரம் ஒதுக்கி நேராக்கித் தந்தார். வடிவாயிருக்கிறது என்று நானே பாராட்டினேன்.

ஊரில் அந்த எழுத்தோடு சம்பந்தப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார். பல் கட்டுகிற சீனர். சின்ன வயதில் வந்து, எங்களைப் போலவே தமிழ் கதைப்பவர். நான் போகும்போதெல்லாம் என் கடைவாய்ப் பல்லைப் பார்த்து, அது தனக்குத்தான் என்று பகிடி விடுவார். அன்று பகிடி விடவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

யப்பான்காரர் எழுதுவதில் பாதி எழுத்துச் சீன எழுத்து, அது தனக்குத் தெரியும் என்றார். இடையிடையே வருகிற வளைந்த சின்ன எழுத்துகள் அவர்களுடைய சொந்த எழுத்து, அவை தெரியாது. தெரிந்ததிலும் ஓர் எழுத்துக்கு ஒரு பொருள் இல்லை. ‘பெயர்’ என்ற எழுத்து எண்ணுக்குப் பின்னால் வந்தால் ஆள் கணக்கு. ஆகவே இது ஒரு ஆள். அடுத்த எழுத்து வாங்குவது, சேர்ப்பது, அறுவடை செய்வது, பிடித்து அடைப்பதும்கூட. அதற்கடுத்தது உள்ளே கொள்வது, முகத்தோற்றம் என்றும் வரும். இரண்டும் சேர்ந்தால் தங்கள் சீன பாஷையில், போக்கிடமில்லாதவனை ஏற்று இடம் கொடுப்பது. பிறகு படகின் இலக்கம். பிறகு மறுநாள் காலை, எல்லாரும், கடல், ஒரு வளைந்த எழுத்து, அனுப்பு.

“ஆளை ஏத்தியிருக்கினம், கடல் வழியா எங்கேயோ அனுப்பியிருக்கினம். அப்பிடித்தானே?” என்றேன்.

“அப்பிடியும் வாசிக்கலாம். ஆனா இது எங்கட பாஷை இல்லை. இதே எழுத்தை அவங்கள் எதுக்குப் பாவிக்கிறாங்களோ தெரியாது. பக்கத்து எழுத்துத்தான் பொருளைச் சொல்லும். இது நடுவில தொடங்கின மாதிரிக் கிடக்கு. முன்னால ஏதும் இருந்ததோ?”

நான் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தேன். அங்கே வெறும் வெள்ளைத்தாள் தாராளமாகத் தெரிந்தது. முன்னால் ஒன்றுமில்லை என்றேன். அந்த எழுத்து மேலிருந்து கீழாக, வலப்பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவுமில்லை, எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். நான் கேட்கவும் இல்லை.

அடுத்த நாளே சைக்கிளில் சல்லிக்குப் போனேன். உங்கள் மனுசனை ஏற்றி, மறுநாள் கடல் வழியாக ஒரு துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். ‘அப்பிடியும் வாசிக்கலாம்’ என்பதை நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்று இவ்வளவு காலமும் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், அவள் முகத்தைப் பார்க்க முன்னரே அதை விட்டுவிட்டேன். படத்தை அவளிடமே கொடுத்தேன். அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அந்தியேட்டி நின்றது. எந்தெந்தத் துறைமுக ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எழுதினேன் என்று நினைவில்லை. ஐந்து மாதம் அவள் கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து, என் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தபடி, கடிதம் வந்ததா அண்ணை என்று கேட்பாள். ஒருமுறை அவருடைய சேட்டுகளைத் தோய்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

ஒன்றும் நடக்காததால், கொழும்பில் யப்பான்காரரின் தூதரகத்துக்கே படத்தை அனுப்பலாம் என்று இன்னொரு பிரதி கேட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி வெளியூர் போயிருந்தார். அவருடைய மனைவி நெகட்டிவை எடுத்து, ஓரம் ஒன்றும் ஒதுக்காமல் உள்ளபடியே அடித்துத் தந்தாள். வலது ஓரத்தின் கீழே, கொப்பியைப் பிடித்த பெருவிரல் இருந்தது. விரலுக்கு மேலே இன்னொரு வரி எழுத்து நேர்கீழாக இறங்கியிருந்தது. முதலாளி விரலை ஒதுக்கியபோது அதுவும் போயிருந்தது.

பல் கட்டுகிறவர் பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. படகு என்று முதலில் சொன்னார். பிறகு இரண்டு எழுத்தில் விரலை வைத்தார்.

“இது தனிய நிண்டால் விட்டுப்போறது, தவறவிடுறது. ‘சொல்’ பக்கத்தில வந்தால் சாகிறவன்ர கடைசிச் சொல். இஞ்ச பக்கத்தில ‘உடம்பு’ வந்திருக்கு. உடம்போட வந்தால் செத்தவன்ர உடம்புதான், வேற பொருள் இல்லை.”

அந்த வரிக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாகவே மாறி நின்றது. படகில் கிடந்த உடலை ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் காலை எல்லாரும் சேர்ந்து அவரைக் கடலுக்கு வழியனுப்பியிருக்கிறார்கள். தெரியாத மனிதர்கள், அவருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

சல்லியில் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. புதிய படத்தைக் கையில் வாங்கவும் இல்லை.

“அண்டைக்கே அந்தச் சீனர் நிச்சயமில்லையெண்டு சொன்னவரோ?”

“ஓம்.”

அவள் உள்ளே போய்விட்டாள். மாமியார் வந்து என்னைப் போகச் சொன்னார்.

தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, காரியங்களை முடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். போக எனக்கு முகமில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் கந்தோருக்கு வந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கடதாசியில் சுற்றிய முதல் படத்தை மேசையில் வைத்தாள்.

“அந்தச் சீனர் சொன்னதை அப்பிடியே சொல்லியிருக்கலாம், ஐயா” என்றாள்.

எட்டு மாதத்தில் அவள் என்னை ஐயா என்றது அன்றுதான்.