புகார் முடிப்பது யார்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில் டி.டி.பி. கடை வைத்திருந்த காலத்தில், கல்லூரிப் பிள்ளைகளின் கடைசி வருட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களை அடித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை ரிப்போர்ட் என்று கேட்டால் ஒன்றே ஒன்று என்றுதான் சொல்வேன். அட்டை மட்டும்தான் வேறு வேறு. உள்ளே அதே முன்னுரை, அதே படம், அதே நன்றியுரை. போன வருடத்து அண்ணன் எழுதியதில் பெயரை மாற்றினால் இந்த வருடத்துத் தம்பி பட்டதாரி. அந்த அண்ணனும் எழுதியவன் இல்லை, அவனுக்கு முந்தைய அண்ணனிடம் வாங்கியவன்.

நான் இதையெல்லாம் கல்லூரியில் படித்தவள் இல்லை. தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் இலை எடைச் சீட்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பச்சை இலை விலை படுத்துவிட்டது. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. "உங்களுக்கு வாய் இருக்குங்கம்மா, எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க" என்று மேனேஜர் அனுப்பிவைத்தார். வாயோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டேன். தப்பு வந்தால் நோண்டு, நோண்டினால் தெரியும். இதுதான் என் படிப்பு. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அடிப்பேன். எல்லா ஊர்ப் பேச்சும் என் கடையில் சும்மா கிடைத்தது.

அந்த வருடம் ஒரு பெண் வந்தாள். எஸ்டேட் லயத்துப் பிள்ளை, தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. அம்மா கொழுந்து பறிக்கிறவர், எஸ்டேட்டில் வேலை வாரத்துக்குப் பாதி நாளாய்ச் சுருங்கியிருந்தது. குழுவில் அவளோடு இன்னும் இரண்டு பையன்கள் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தது. என் கடைக்கு அவர்கள் வந்தது அட்டையில் மட்டும்தான்.

கல்லூரிப் புகார்களைப் பதிந்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற இணையதளம் செய்திருந்தாள். அதில் 'கட்டமைப்பு' என்ற அத்தியாயம்தான் என்னிடம் வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில், ப்ராஜெக்ட்டை மேற்பார்க்கும் கைடு சாரின் கோடு. ஓரத்தில் 'ஃபார்மட்படி இல்லை'.

படித்துப் பார்த்தேன். முதல் தடவையாக ஒரு ரிப்போர்ட்டை நிஜமாகவே படித்தேன், அதுவும் புரிந்தது. மாணவர் பார்க்கிற பக்கம் மேல் அடுக்கு. புகாரை வாங்கி, யாருக்கு என்ன உரிமை என்று பார்த்து முடிவு செய்கிற பி.எச்.பி. நிரல் நடு அடுக்கு. எல்லாவற்றையும் வைத்திருக்கிற டேட்டாபேஸ் கீழ் அடுக்கு. மூன்றும் லேபில் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகின்றன, மற்ற மெஷின்களிலிருந்து பிரவுசர் வழியாகத் திறக்கலாம் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். ஒரு புகாரின் நிலை மாறினால் பழையதை அழிப்பதில்லை. யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று ஒவ்வொரு மாற்றமும் தனி வரியாக ஏறும். இதில் என்ன ஃபார்மட் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

கைடு சாரே கடைக்கு வந்துவிட்டார். ஏதோ கருத்தரங்குக் கட்டுரை அடிக்க வேண்டுமாம். அது யாருடைய கட்டுரை என்று நான் கேட்கவில்லை. இவளைப் பார்த்ததும் நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏம்மா, மூணு அடுக்குங்கற. படத்துல மூணு கம்ப்யூட்டர் எங்க?"

"மூணு அடுக்குதான் சார். ஆனா மூணும் ஒரே மெஷின்ல ஓடுது."

"ஒரே மெஷின்ல ஓடினா அது எப்படி மூணு? வீடு ஒரு மாடியா மூணு மாடியா?"

"மூணு மாடி சார். வீடு ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாருக்கு வரவில்லை.

"பேமெண்ட் கேட்வே பெட்டியும் இல்ல."

"புகார் குடுக்கக் காசு வாங்கறதில்லையே சார்."

"வாங்கறோமா வாங்கலியாங்கறது இல்ல கேள்வி. ஃபார்மட்ல இருக்கு." அந்த ஃபார்மட் எந்தக் காலத்திலோ யாரோ செய்த ரயில் டிக்கெட் ப்ராஜெக்ட்டிலிருந்து வந்தது. அதை ஏழெட்டு அட்டைக்குள் நானே வைத்துக் கட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். கொட்டை எழுத்தில் இருந்த வரி. ஊழியர் 'சரிசெய்தோம்' என்று மட்டுமே குறிக்கலாம், 'முடிந்தது' என்று குறிக்கும் உரிமை புகார் கொடுத்தவருக்கு மட்டுமே, சரியாகாவிட்டால் அவர் திரும்பத் திறக்கலாம் என்று இருந்தது.

"இது என்ன? டிபார்ட்மெண்ட் செஞ்ச வேலைக்கு ஸ்டூடண்ட் வந்து முத்திரை குத்தணுமா? ஒருத்தன் வேணும்னே முடிக்காம வெச்சிருந்தா?"

"அப்பவும் நீங்க சரிசெஞ்ச தேதி ஹிஸ்டரியில இருக்கும் சார். உங்க மேல தப்பு வராது."

"அந்த வரி போகணும். மூணு கம்ப்யூட்டர் படம் வரணும். இல்லைன்னா என் கையெழுத்து கிடையாது. அடுத்த வருஷம் பார்த்துக்க."

அவர் இறங்கிப் போனார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு கிடையாது, வைவா இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. இன்னொரு வருடம் இழுக்க முடியாது என்று அவள் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

"அந்த வரிய எடுத்துடேன் பொண்ணு" என்றேன். "ஒரு வரிதான."

"அதுக்காகத்தான்க்கா மிச்சத்தையெல்லாம் செஞ்சேன். லயத்துல கூரை ஒழுகுதுன்னு சொல்லுவோம். ஆபீஸ்ல கேட்டா, 'அது அப்பவே சரி பண்ணியாச்சே'ம்பாங்க. உள்ள சட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கறது நாங்க. சரியாயிருச்சான்னு சட்டி வெச்சவங்கதான சொல்லணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, சார் இதை எப்படிப் படிப்பார்?"

"படிக்க மாட்டார்" என்றேன். "படத்தப் பார்ப்பார். கொட்டை எழுத்தப் பார்ப்பார். அப்புறம் கனத்தப் பார்ப்பார்."

"எங்கம்மா சொல்லும், சில பேரு முத்தின இலையப் பிடுங்கிப் போட்டுக் கூடைய ரொப்பிட்டு, மேல மட்டும் தளிரு வெச்சுக் காட்டுவாங்கன்னு. சாருக்கு மேலதான முக்கியம்? மேல அவருக்குப் புடிச்சதையே வெச்சிருவோம்."

வைத்தோம். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் சார் கேட்ட படம், பக்கத்தை அடைத்துக்கொண்டு. மூன்று கம்ப்யூட்டர், நடுவில் செங்கல் சுவர் மாதிரி ஃபயர்வால், ஓரத்தில் பேமெண்ட் கேட்வே. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'எதிர்கால விரிவாக்கம்'. அடுத்த பக்கத்தில், நிஜமாக ஓடுகிற அமைப்பின் படம். கொட்டை எழுத்து வரியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் நடு அடுக்கின் விளக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் மாணவர், ஊழியர், துறைத் தலைவர், நிர்வாகி. மேலே புகாரின் நிலைகள். யார் எதை மாற்றலாமோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். 'முடிந்தது' என்ற நிலைக்குக் கீழே ஒரே ஒரு டிக்தான், புகார் கொடுத்த மாணவருக்கு. பொய் என்று ஒரு எழுத்து கிடையாது. எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது, பார்க்கிற கண்ணுக்கு.

மறுநாள் கையெழுத்தோடு வந்தாள். "என்ன சொன்னார்?" என்றேன்.

"படத்தப் பார்த்து 'இப்பத்தான் இஞ்சினியரிங் மாதிரி இருக்கு'ன்னார். அட்டவணையைக் கட்டை விரலால தள்ளிட்டார். 'இவ்ளோதான் பக்கமா'ன்னு கேட்டுட்டுப் போட்டுட்டார்."

இந்த மனிதருக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. கொழுந்தில் ஒரு காம்பு கூடுதலாக இருந்தால் கங்காணி கூடையைக் கவிழ்க்கிற மலையில், இவர் கூடைக்குள் கையையே விடாமல் எடை போட்டுவிடுகிறார்.

வைவா அன்று பொன்னெழுத்து அட்டை ஊட்டியிலிருந்து தாமதமாக வந்தது. ரிப்போர்ட்டைக் கட்டி, நானே தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன். லேபுக்குள் வெளித் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூர் அம்மா, குளிர் தாங்காமல் கழுத்து வரை சால்வை. நான் கொடுத்ததைப் பிரித்தார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை.

"ஏனுங்க, இந்த மூணு சர்வர் எங்க இருக்குது?"

கைடு சார் ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடிக் கிடந்த மலையைப் பார்த்தார். மஞ்சில் எந்த சர்வரும் இல்லை.

"அது எதிர்காலத்துக்குங்க மேடம். இப்ப ஓடறது அடுத்த பக்கம். இந்த டேபிளுக்கு அடியில இருக்கற மெஷின்."

"பேமெண்ட் கேட்வே?"

அவள் சாரைப் பார்த்தாள். அந்த அம்மாவும் சாரைப் பார்த்தார். பிறகு "சரிங்க" என்று பக்கத்தைத் திருப்பி, அட்டவணையில் நின்றார். நிஜமாகவே நின்றார், விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"இங்க ஒரு டிக்தான் இருக்குது. ஊழியர் பக்கத்துல 'முடிந்தது'ங்கற ஆப்ஷனை மறைச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"நான் அந்தப் பக்கத்த என் மெஷின்ல சேவ் பண்ணி, நானே 'முடிந்தது'ன்னு சேர்த்து அனுப்பினா?"

"அனுப்பலாங்க மேடம். ஆனா நடு அடுக்கு திரும்பப் பார்க்கும். பிரவுசர் பக்கத்துலருந்து என்ன வருதுங்கறத நம்பாது. லாகின் ஆனவரும் புகாருக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆளான்னு டேட்டாபேஸ்ல பார்த்துட்டுத்தான் மாத்தும்."

அந்த அம்மா சால்வையை ஒதுக்கிவிட்டு, ஊழியர் பெயரில் லாகின் ஆகி, சொன்னதையே செய்தார். அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. புகார் இருந்த நிலையிலேயே இருந்தது. இன்னொரு தரம் வேறு மாதிரி முயன்றார். அதே பதில். "நல்லா செஞ்சிருக்க கண்ணு" என்று மார்க் ஷீட்டை இழுத்து எழுதினார்.

அப்போதுதான் கைடு சார் ஜன்னலிலிருந்து திரும்பினார். "அந்த ரூலை நான்தான் மேடம் கண்டிப்பா வைக்கணும்னு சொன்னேன்."

எனக்கு இரண்டு காதும் சூடாகிவிட்டது.  வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, டிகிரிதான் அவர் கைல இருந்துச்சு. அதான் வாங்கியாச்சே" என்று சிரித்தாள்.

அந்த இணையதளத்தைக் கல்லூரியில் யாரும் பயன்படுத்தவில்லை. லேப் மெஷினைத் துடைத்து அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் கோயமுத்தூரில் வேலைக்குப் போனாள். வேலைக்கு எடுத்தவர்கள் அந்த ரிப்போர்ட்டைத்தான் கேட்டுப் பார்த்தார்களாம்.

அடுத்த வருடம் முதல் குழு கடைப் படி ஏறி வந்தது. மூன்று பையன்கள், கையில் ஜெராக்ஸ். ஆஸ்பத்திரி ப்ராஜெக்ட். கட்டமைப்பு அத்தியாயத்தைப் பிரித்தால் அவள் போட்ட அட்டவணை, கட்டம் மாறாமல். மாணவர் என்ற இடத்தில் நோயாளி, புகார் என்ற இடத்தில் கேஸ். கேஸ் முடிந்தது என்று குறிக்கும் உரிமை நோயாளிக்கு மட்டுமே என்று ஆகியிருந்தது.

"தம்பி, இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றேன்.

"தெரியலீங்கக்கா. புது ஃபார்மட்டுங்க. ஒரு கட்டம் கூட மாத்தக் கூடாதுன்னு சார் சொல்லிட்டார்."