பாஸ் சார் போட்ட பன்னிரண்டு

குணசீலனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பாஸ் சார். பாசத்தில் வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் பாஸ் போடுகிறார் என்பதற்காக வைத்தது. மலைமேல் புதூர்நாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அந்த ஊரிலேயே முதல் ஆளாக முதுகலை முடித்து, ஒன்பது வருடமாகச் சமூகப்பணித் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார். வகுப்பில் முகம் கடுகடுவென்று இருக்கும். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியதும் மனுஷன் குழைந்துவிடுவார்.

அன்றைக்கு அவர் மாணவி பூஜாவின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். இடம், புதூர்நாட்டில் கல்லூரி நடத்தும் களப்பணி மையம். அதே மலைக்காரியான பூஜா மலைப்பெண்களில் பன்னிரண்டு பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் சொன்னதைத் தீம்களாக, அதாவது அடிப்படைக் கருத்துகளாக, பகுத்திருந்தாள். ஐந்து தீம்கள்: போக்குவரத்து, மருத்துவம், கல்வி, விவசாயம், குடும்பம். ஒவ்வொன்றின் கீழும் பெண்கள் சொன்னது வரிசையாக இருந்தது. குணசீலன் படிக்கப் படிக்கத் தலையாட்டினார். பகுப்பாய்வுக்கு நாற்பதுக்கு இருபத்தெட்டு போட்டார்.

அதே ஆய்வேட்டைத் தனியாகத் திருத்திய இன்னொரு விரிவுரையாளர் தேவி மேடம் போட்டது பன்னிரண்டு.

பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரே மதிப்பெண்ணுக்கு வர வேண்டும், அதுதான் விதி. மற்ற பகுதிகளில் பூஜா வாங்கியிருந்தது முப்பத்தாறு. தேற ஐம்பது வேண்டும். தேறினால் ஒன்றாம் தேதி ஆலங்காயத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பன்னிரண்டு நின்றால் நாற்பத்தெட்டு, வேலை போச்சு.

"மேடம், அந்தப் பொண்ணு பாவம்," என்று ஆரம்பித்தார் குணசீலன்.

"பாவத்துக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்ல சார். இது தீமா, தலைப்பா? 'மருத்துவம்'னா மருத்துவத்தப் பத்தி இன்னா?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? கெங்கம்மாள் சொல்றத பாருங்க. 'காய்ச்சல்னா ஜீப்பு வர்ற நாள்தான் சொல்வோம்.' ஜீப்பு வாரத்துக்கு ஒருநாள்தான். நடுவுல சொன்னா நாலு ஆம்பளைங்க வேலையக் கெடுத்துட்டுத் தூக்கினு போவணும். யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு வாய மூடினு கெடப்பாங்க."

"அருமையான விளக்கம். எந்தப் பக்கத்துல இருக்கு?"

குணசீலன் புரட்டினார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஐம்பத்தைந்து வரை போய்த் திரும்பி வந்தார். கெங்கம்மாள் சொன்ன ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே, 'இது மருத்துவப் பிரச்சினையைக் காட்டுகிறது.' அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போகும் நாலு ஆண்களும் வாய் மூடிக் கிடக்கும் பெண்களும் அவர் தலைக்குள் இருந்தார்கள். அந்த மதிப்பெண்ணைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

"தலைப்பாத் தொகுத்து மட்டும் வெச்சிருந்தா பன்னெண்டத் தாண்டக் கூடாதுன்னு விதில போட்டிருக்கு," என்றார் தேவி. "ஒங்களுக்கு மலை தெரியும். எனக்குத் தெரியாது. தாள்ல இருக்கறதத்தான் நான் படிக்க முடியும்."

குணசீலன் இருபத்தெட்டை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியை ரொம்ப நேரம் தேடினார். கையில்தான் இருந்தது.

பூஜாவை அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னா சார் இது? மலைக்காரரு ஒங்களுக்கே புரியலன்னா எப்டி?"

"புரிஞ்சிச்சு. நீ எழுதினதால இல்ல, நானும் மலைக்காரன்றதால. கெங்கம்மாள் ஏன் ஜீப்பு நாள் வரைக்கும் சொல்லல?"

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். குணசீலன் சொன்னதை விட நன்றாகவே சொன்னாள். பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பாதது பற்றி முனியம்மா சொன்னதும் இதே கதைதான் என்றாள். கேட்டால் யாராவது வேலையை விட்டுப் பரீட்சைக்குக் கூட வரணும், அதனால் கேட்கவேயில்லை. ஒன்று மருத்துவத்துக்கும் மற்றொன்று கல்விக்கும் போய்ப் பிரிந்து கிடந்தன.

"இத ஏன் எழுதல?"

"இத போய் எழுதுவாங்களா சார்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"யாரு அந்த எல்லாரும்?"

"நம்ம மலைல," என்றாள் பூஜா. பிறகு, "தேதி போய்டும் சார்."

"போய்டும்," என்றார்.

திருத்தி எழுத ஒரு மாதம் கொடுத்தார்கள். முதல் மூன்று வாரம் அவள் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. ஆய்வேடு திரும்பி வந்தபோது ஐந்து தலைப்புகளும் இல்லை. தீம்கள் மூன்றே. முதலாவது: 'பாரமாகிவிடக் கூடாது என்று பெண்கள் தேவையை வாய்க்குள் வைத்துக்கொள்கிறார்கள்.' கெங்கம்மாளும் முனியம்மாவும் அதன் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். வாரம் ஒருதரம் ஜீப் வரும் ஊரில் கேட்பதற்கு என்ன விலை என்று அவள் சொந்த வாக்கியத்தில் எழுதியிருந்தாள். குணசீலன் அதற்கு மதிப்பெண் போடவில்லை. தாளில் இல்லாததையும் தான் சேர்த்துப் படித்துவிடுவதாகச் சொல்லி வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார். தேவி முப்பது, அந்த ஆள் முப்பத்திரண்டு; பூஜா தேறிவிட்டாள்.

வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. குணசீலன் யாரிடமும் சொல்லாமல் ஆலங்காயம் போய் அந்த அலுவலகத்தில் கேட்டார். இப்போதைக்கு இடமில்லை என்றார்கள். திரும்பி வந்து பூஜாவிடம் அதை அப்படியே சொன்னார்.

"தெரியும் சார். நானும் போய்க் கேட்டுட்டேன். வாணியம்பாடில ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்," என்றாள் அவள். "நீங்க இன்னாத்துக்கு சார் அம்மாந்தூரம் போனீங்க? சாப்ட்டீங்களா?"