இரண்டரை மணிக்குக் கட்டம் இல்லாத தாள்

ஓட்டமாவடியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள் றஸீனா. முப்பத்தெட்டு வயது. அவளுடைய கோபம் வாய்க்கு வராது, கைக்குப் போய்விடும். அன்று கிளினிக்கில் வாங்குப் பலகையில் இருந்தபடி, தின்பதை எழுதும் கொப்பியின் மூலையைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துவிட்டாள்.

தாதி எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"இதில எழுதினபடி திண்டா நீ மெலிஞ்சிருக்கோணும். மூண்டு கிலோ கூடியிருக்கு. ஆருக்கு இந்தப் பொய்?"

பின்னால் இருந்த வாங்கில் ஒருத்தி சிரித்தாள். "இடியப்பக்காரி ருசி பாக்காம அவிப்பாளா, மிஸ்?"

கொப்பித் தாளில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் றஸீனா உண்மையாகவே நிரப்பியிருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு என்ன தேவை? அவளுடைய உம்மா சீனி வருத்தத்தில் காலை இழந்து, ஐந்து வருடம் கட்டிலில் கிடந்து மௌத்தானவள். போன மாதம் றஸீனாவின் இரத்தத்திலும் சீனி எல்லைக்கு வந்திருந்தது. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் குளிசை போடவேண்டும் என்றார்கள். குளிசை என்றதும் அவள் குனிந்து தன் கால்களைத்தான் பார்த்தாள்.

வீட்டில் இன்னொரு தாதி இருந்தான், கைபேசிக்குள். புருசன் முனாஸ். கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. அங்கே இரவு பன்னிரண்டுக்கு வேலை முடியும். இங்கே அப்போது இரண்டரை. அந்த நேரத்தில்தான் வீடியோவில் வருவான். ஒரு மணித்தியாலம் பேசுவான். பேச்சு முழுக்க விசாரணை. பகல் எங்கே போனாய், கூரை வேலைக்கு ஆர் வந்த, மேசன் ஏன் உள்ளே வந்தான். கடைசியில்:

"ராச்சோறு எவ்வளவு திண்ட?"

"ஒரு கோப்பை, மச்சான்."

"ஒரு கோப்பைக்கு இந்தக் கன்னம் வருமா? நாளைக்கு பிளேட்டக் காட்டிப்போட்டுத் தின்னு."

காட்டினாள். இரண்டு வருடமாக, சோற்றைப் படம் பிடித்து அனுப்பிவிட்டே தின்றாள். அவன் போனை வைத்த பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும், வயிறு கிடந்து கத்தும். சீனி போட்ட தேத்தண்ணியும் மிச்ச இடியப்பமும் துருவிய தேங்காய்ப்பூவுமாக நின்றபடி தின்பாள். நாலரைக்கு எழும்பி மாக் குழைக்க வேண்டும். அந்தத் தீனை அவள் தாளில் எழுதவில்லை. படுத்தெழும்பித் தின்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் சஹர். அது நோன்புக்கு உரியது. மற்ற மாதங்களில் அதற்குப் பெயரும் இல்லை, கட்டமும் இல்லை.

உள்ளே டாக்டர் யசோதினி தாளை ஒருதரம் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"எத்தின மணிக்குப் படுக்கிறீங்க?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. றஸீனா சொல்லத் தொடங்கினாள். இரண்டரை, முனாஸ், பிளேட், தேங்காய்ப்பூ, எல்லாம் வந்தன.

"அப்ப துண்டு துண்டா நாலரை மணித்தியாலம்தான் நித்திரை" என்றாள் டாக்டர். "பசியக் கிளப்புற ஹோர்மோன் ஒண்டு இரைப்பையில சுரக்குது, கிரெலின். போதும் எண்டு மூளைக்குச் சொல்றது லெப்டின், அது உடம்புக் கொழுப்பில இருந்து வாறது. நித்திரை குறைஞ்சா முந்தினது கூடலாம், பிந்தினது குறையலாம். அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தா கோர்ட்டிசோல் எண்டு இன்னொண்டு ஏறும். இனிப்பையும் மாவையும் தேடவைக்கும், வயித்தச் சுத்திக் கொழுப்புச் சேரும். சீனியையும் ஏத்தும்."

"அப்ப நான் பெருந்தீனி இல்லயா, டொக்டர்?"

"தின்னுறீங்கதான். அந்தத் தீனும் கணக்குத்தான். ஆனா அந்தப் பசிய உங்கட குணம் எண்டு நினைக்காதீங்க. சாப்பாட்டக் குறைக்க முதல் நித்திரையக் கூட்டுங்க. ஏழு மணித்தியாலம்."

றஸீனாவுக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாகத் தன் வாயைத் தானே ஏசிக்கொண்டிருந்தாளே! நித்திரையைப் பறித்தவனே பிளேட்டையும் எண்ணியிருக்கிறான். வெளியே வரும்போது தாதியின் மேசையில் நின்றாள். பேனையை எடுத்துத் தன் தாளில், இரவுக் கட்டத்துக்குக் கீழே கோடு அடித்து 'இரண்டரை மணி' என்று எழுதி வைத்தாள்.

"என்ன இது?" என்றாள் தாதி.

"நீங்க கேட்காதது, மிஸ்."

பஸ்ஸில் இருந்தே முனாஸுக்குக் குரல் செய்தி போட்டாள். "மச்சான், இனி ஒன்பதரைக்குப் போன ஓஃப் பண்ணிப்போட்டுப் படுப்பன். வேலைக்குப் போக முந்திப் பேசுங்க. பிளேட்டும் காட்ட மாட்டன்." அனுப்பியதைத் திரும்ப ஒருதரம் கேட்டாள். அழிக்கவில்லை.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு முன் போனைத் திறந்தபோது பதினொரு தவறிய அழைப்புகள். கீழே ஒரு வரி: ராவு முழுக்க ஆரோட இருந்தாய்?

மாவில் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டு, நனையாத கையால் பதில் எழுதினாள்.

நித்திரையோட.

பிறகு இடியப்ப உரலில் மாவை அடைத்து, வழக்கத்தைவிடப் பலமாகப் பிழிந்தாள்.