இரண்டு தாள்களிலும் பத்தொன்பது

சுலோஜனா ரீச்சரின் சிவப்புப் பேனைக்கு நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் பயப்படாத பிள்ளை இல்லை. வேலணையிலிருந்து பஸ்ஸில் குறிகாட்டுவான் துறைக்கு, அங்கிருந்து படகில் தீவுக்கு, பதினொரு வருடமாக இதே பயணம். கடல் எப்படிக் குமுறினாலும் முதல் மணிக்கு வகுப்பில் நிற்பார். பார்த்து எழுதுகிறவர்களைப் பிடிப்பதில் மனுசி விண்ணி, படுகெட்டிக்காரி என்று பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஏன் மறைப்பான்!

ஆறாம் வகுப்புத் தவணைச் சோதனையில் 8136 ஐ 24 ஆல் வகுக்கச் சொல்லியிருந்தார். விடை 339, மீதி இல்லை. நிருஜாவின் தாளில் 380, மீதி 16 என்று கிடந்தது. பக்கத்தில் இருந்த பிரியவதனியின் தாளிலும் அதே 380, அதே மீதி 16. சரியான விடை ஒத்துப்போனால் யாரும் கேட்கப்போவதில்லை, பிழையான விடை எப்படி ஒத்துப்போகும்? பிரியவதனி வகுப்பில் முதலாம் பிள்ளை. நிருஜா வாய் திறக்காத பிள்ளை. யார் யாரைப் பார்த்தது என்று ரீச்சர் யோசிக்கவேயில்லை. நிருஜாவை எழுப்பி நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் கள்ளி என்று சொல்லி, தாளில் பெரிதாய் ஒரு பூச்சியம் போட்டார்.

"நான் பாக்கேல்லை ரீச்சர்" என்று அந்தப் பிள்ளை ஒரே ஒரு தரம் சொன்னாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சாப்பாடும் இல்லாமல் படுத்துக் கிடக்கிறாள் என்று தாய் நிலாந்தி வந்து பள்ளிக்கூட அதிபரிடம் அழுதுவிட்டுப் போனாள்.

அதிபர் அமலதாஸ் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சரைக் கூப்பிட்டு இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தார்.

"எந்த வரியிலையிருந்து பாத்து எழுதினவள் எண்டு எழுதித் தாங்கோ ரீச்சர். தகப்பனைக் கூப்பிட முதல் எனக்கு அது வேணும்."

இதிலென்ன கிடக்கு என்று ரீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிழை எங்கே பிறந்தது என்று தேடத்தானே வேண்டும். முதலில் விடையைத் திருப்பிப் பெருக்கினார். 380 ஐ 24 ஆல் பெருக்கி 16 ஐக் கூட்டினால் 9136. இருக்கவேண்டியதைவிட ஆயிரம் கூட. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை, சொல்லிவைத்தது போல ஆயிரம். முதல் படியில் எடுக்கிற 81 என்பது எண்பத்தொரு நூறு. அந்த இடத்தில் பத்துக் கூடினால் ஆயிரம் கூடும். அப்படியென்றால் இரண்டு தாளிலும் பிழை முதல் படியில்தான். விரலை அங்கே வைத்தார்.

நிருஜாவின் தாளில் 81 க்குக் கீழே 62. மூன்று தரம் நாலு பன்னிரண்டு, இரண்டைப் போட்டிருக்கிறாள், கையில் இருந்த ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறாள். 72 வரவேண்டிய இடத்தில் 62. அதைக் கழித்தது சரி: 19.

பிரியவதனியின் தாளில் 72. பெருக்கல் சரி. ஒன்றில் இரண்டு போகாதென்று எட்டிடம் ஒன்று வாங்கி, பதினொன்றில் இரண்டு போக ஒன்பது போட்டிருக்கிறாள். கொடுத்த எட்டை ஏழாக்க மறந்து, எட்டில் ஏழு போக ஒன்று. 19.

ரீச்சர் இரண்டு தாள்களையும் ஒட்ட வைத்து மறுபடி பார்த்தார். ஒருத்தி பெருக்கலில் பத்தைத் தொலைத்திருக்கிறாள், மற்றவள் கழித்தலில் பத்தைக் கூட்டியிருக்கிறாள். வேறு வேறு வழியால் வந்து ஒரே பத்தொன்பதில் சந்தித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 193, அதில் எட்டுத் தரம், 192 போக ஒன்று, ஆறை இறக்கிப் 16, அதில் 24 போகாதென்று மேலே மறக்காமல் பூச்சியம். அந்த வரிகளில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பிழையும் விடவில்லை. பார்த்து எழுதினவள் 72 ஐ அல்லவா எழுதியிருப்பாள்! இத்தனை வருடத்தில் இப்படியொரு அதிசயத்தை அவர் கண்டதில்லை. கண்முன்னால் கிடந்ததைக் காணாமல் பூச்சியம் போட்டிருக்கிறார்.

அதிபருக்கு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தாள்களைத் தூக்கிக்கொண்டு நேரே நிலாந்தி வீட்டுக்கு நடந்தார். மூன்று மணிப் படகு போய்விட்டது, போகட்டும்.

நிருஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ரீச்சர் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து இரண்டு தாள்களையும் விரித்தார்.

"நீ பாக்கேல்லை பிள்ளை. இந்தா, உன்ர கணக்கே சொல்லுது."

பிள்ளை மெல்ல எழும்பினாள். ரீச்சர் காட்டக் காட்ட, தன் 62 ஐயும் பிரியவதனியின் 72 ஐயும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் இருந்த ஒன்றைத் தான் மறந்ததை ரீச்சர் சொல்ல முன்னரே கண்டுகொண்டாள். அழுது வீங்கின கண்கள் விரிந்தன.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன்" என்றார் ரீச்சர். "பிழை விட்டது நான்."

நிருஜா அவரை நிமிர்ந்து பார்த்தாள். குறும்பாக அல்ல, உண்மையாகவே அறியவேண்டும் என்று கேட்டாள்.

"எந்த வரியிலை ரீச்சர்?"

சுலோஜனா ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "முதல் வரியிலையே, பிள்ளை" என்றார். "மேலை இருந்த பேரைப் பாத்திட்டு, கணக்கைப் பாக்கேல்லை."